மொத்தத்தில் விடுபட்ட ஐந்து வரிசை: சீனியர் அண்ணனிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: "எங்கள் ஆபீஸில் டீலர் பாக்கி ஷீட்டை ஒரு சீனியர் அண்ணன்தான் போடுகிறார். கூகுள் ஷீட்ஸ், 11 பேர் பார்க்கிறோம். கீழே இருக்கும் மொத்தம் தப்பு, புதிதாகச் சேர்த்த டீலர்கள் அதில் வரவில்லை. திங்கட்கிழமை எம்.டி. மீட்டிங். நான் சேர்ந்து எட்டு மாதம்தான். எல்லோர் முன்னாலும் அவர் தலைகுனியாமல் எப்படிச் சொல்வது? கமெண்ட் போடலாமா, இல்லை சத்தமில்லாமல் நானே திருத்திவிடலாமா?"

இரண்டுமே வேண்டாம். நான் 18 வருடமாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், இப்போது மதுரை கப்பலூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில். இந்த மாதிரி ஷீட்டைப் போட்டவனாகவும் இருந்திருக்கிறேன், அதில் தப்புக் கண்டுபிடித்தவனாகவும் இருந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததால் சொல்கிறேன், கமெண்ட் என்பது காதோடு காதாகச் சொல்வது அல்ல, ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் சீட்டு ஒட்டுவது. அந்த ஷீட்டில் கமெண்ட் போடவோ திருத்தவோ அனுமதி உள்ள எல்லோருக்கும் அது தெரியும். சிலருக்கு மெயிலும் போகும். அவர் பார்த்துத் திருத்திவிட்டு `Resolve` அமுக்கினால் கட்டத்தை விட்டுத்தான் போகும், கமெண்ட் வரலாற்றில் அப்படியே கிடக்கும். மூன்று மாதம் கழித்து வேறு எதையோ தேடிப் போகிறவன் கண்ணில் படும். நீங்கள் எவ்வளவு பணிவாக எழுதியிருந்தாலும் சரி, பதினொரு பேர் பார்க்கிற இடத்தில் பணிவு அவருக்கு உதவாது.

சத்தமில்லாமல் திருத்துவது இதைவிட மோசம், பார்க்க நல்லெண்ணம் மாதிரி இருப்பதால்தான் இன்னும் மோசம். கூகுள் ஷீட்ஸில் சத்தமில்லாத திருத்தம் என்று ஒன்று கிடையாது. அந்தக் கட்டத்தின் மேல் ரைட் கிளிக் செய்து `Show edit history` என்று கொடுத்தால் யார், எப்போது, முன்னால் என்ன இருந்தது என்று வரிசையாகச் சொல்லிவிடும். `Version history`-யில் உங்கள் பெயரே கலரோடு நிற்கும். வெள்ளிக்கிழமை ஒரு மொத்தம் பார்த்தவர் சனிக்கிழமை வேறு மொத்தம் பார்த்தால் "யாருய்யா என் ஷீட்டில் கை வைத்தது" என்றுதான் முதலில் தேடுவார். தப்பு அவருடையது என்பது அப்போது அவர் மனசில் இருக்காது, தன்னைக் கேட்காமல் கை வைத்தது நீங்கள் என்பதுதான் இருக்கும். அதையும் தாண்டி ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. நிறையப் பேர் தங்கள் கம்ப்யூட்டரில் ஒரு எக்செல் வைத்துக்கொண்டு அதிலிருந்து வாரம் ஒருமுறை ஷேர்டு ஷீட்டுக்கு ஒட்டுவார்கள். நீங்கள் இங்கே திருத்தியது அடுத்த வாரம் அவர் ஒட்டும்போது அழிந்து பழைய தப்பு திரும்பி வரும். திருத்தம் அவர் கையால் நடந்தால்தான் நிற்கும்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருடம் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அப்போது வேறொரு இடத்தில் இருந்தேன். சரக்கு இருப்பு ஷீட்டில் ஒரு பெருக்கல் தப்பு. நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, சிவப்பில் வட்டம் போட்டு, "அண்ணே இதைக் கொஞ்சம் பாருங்க" என்று எல்லோரும் இருந்த மெயில் குரூப்பிலேயே அனுப்பினேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, சீக்கிரம் சரியாகட்டும் என்றுதான். அவர் "சரி தம்பி" என்று மட்டும் பதில் போட்டார். திட்டவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. அடுத்த வாரத்திலிருந்து ஷீட்டைப் பகிர்வதை நிறுத்திவிட்டு, முடித்த பிறகு பி.டி.எஃப். ஆக்கி அனுப்ப ஆரம்பித்தார். பார்முலாவை யாரும் பார்க்க வழியில்லை, அதனால் தப்பை யாரும் கண்டுபிடிக்கவும் வழியில்லை. ஒரு ஆளை நாலு பேர் முன்னால் கூசவைத்தால் அந்த ஆள் மனம் நோவது ஒன்று, அந்த ஷீட்டின் கதவு சாத்திக்கொள்வது இன்னொன்று. இரண்டாவது ஆபீஸுக்கே நஷ்டம்.

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம். அவரிடம் போவதற்கு முன்னால் அது தப்புதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், அதுவும் அந்த ஷீட்டுக்குள் நின்று அல்ல. அவரும் அதே நேரம் ஷீட்டைத் திறந்து வைத்திருந்தால் நீங்கள் எந்தக் கட்டத்தில் நிற்கிறீர்கள் என்பது கலர் சட்டத்தோடு அவருக்குத் தெரியும். மொத்தத்தின் மேலேயே பத்து நிமிஷம் நின்றுகொண்டிருந்தால் அவருக்கு ஏதோ வாடை அடிக்கும். அதில் சாதாரண ஃபில்டர் போட்டால் எல்லோருடைய திரையும் மாறிவிடும், அதையும் செய்யாதீர்கள். `File` மெனுவில் `Make a copy` கொடுத்து உங்களுக்கென்று ஒரு பிரதி எடுங்கள். அந்தப் பெட்டியில் இரண்டைக் கவனியுங்கள்: `Share it with the same people` என்ற இடத்தில் டிக் இருக்கக் கூடாது, பிரதி போய் உட்காரும் ஃபோல்டர் உங்கள் சொந்த `My Drive` ஆக இருக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் நீங்கள் தனியாகச் சோதிக்கப் போகும் பிரதி பதினொரு பேருக்கும் போய்விடும், அப்புறம் ரகசியம் என்ன ரகசியம்.

உங்கள் ஷீட்டின் எண்களை நீங்கள் எழுதவில்லை, அதனால் ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். D நெடுவரிசையில் பாக்கித் தொகை, 2-ஆம் வரிசையிலிருந்து 46 வரை டீலர்கள், 47-இல் மொத்தம், அது 18,64,250 என்று காட்டுகிறது. பிரதியில் அந்த மொத்தத்தைத் தொட்டுப் பார்த்தால் இப்படி இருக்கும்:

```
=SUM(D2:D41)
```

41-க்குப் பிறகு உள்ள ஐந்து டீலர்கள் 38,400, 61,750, 27,300, 1,12,000, 19,850. கூட்டினால் 2,59,300. ஆக வர வேண்டியது 21,23,550. இந்த மூன்று எண்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இன்னொரு சோதனையும் செய்துவிடுவது நல்லது, ஏனென்றால் சில சமயம் எல்லை சரியாக இருந்தும் மொத்தம் குறையும். தொகையை எங்கிருந்தோ காப்பி செய்து ஒட்டும்போது அது எண்ணாக இல்லாமல் எழுத்தாக வந்துவிடும், SUM அதைத் தாண்டிப் போய்விடும். கண்ணால் பார்த்தால் கட்டத்தில் இடது ஓரம் ஒட்டி நிற்கும். கண்ணை நம்பாமல் இதைப் போட்டுப் பாருங்கள்:

```
=COUNTA(D2:D46)-COUNT(D2:D46)
```

0 வந்தால் எல்லாம் எண்தான். 2 வந்தால் இரண்டு கட்டம் எழுத்தாகக் கிடக்கிறது. அப்படியிருந்தால் அதையும் சேர்த்து ஒரே தடவையில் சொல்லிவிடலாம். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று தவணை முறையில் தப்புச் சொல்லப் போனால் எவ்வளவு பொறுமையான அண்ணனுக்கும் எரிச்சல் வரும்.

இவ்வளவு பார்த்த பிறகும், பார்முலாவில் ஐந்து வரிசை வரவில்லை என்பது மட்டும்தான் உறுதி. அது தப்பா என்பது இன்னும் சந்தேகம்தான். இதைச் சும்மா சொல்லவில்லை. ஒரு தடவை எங்கள் பாக்கிப் பட்டியலில் மூன்று பார்ட்டி மொத்தத்தில் வரவில்லை என்று கண்டுபிடித்து நான் போய் நின்றேன். அந்த மூவரும் சரக்கு தரம் சரியில்லை என்று திருப்பி அனுப்பியவர்கள், தகராறு முடியும்வரை அவர்கள் தொகையை வசூல் பாக்கியில் காட்ட வேண்டாம் என்று எம்.டி.யே சொல்லியிருந்தாராம். ஷீட்டில் அந்த விவரம் எங்கேயும் எழுதவில்லை, அவர் தலைக்குள் இருந்தது. நல்லவேளை நான் அன்றைக்குத் தனியாகக் கேட்டேன், கேள்வியாகக் கேட்டேன். குரூப்பில் போட்டிருந்தால் தலைகுனிந்தவன் நான்தான். உங்கள் ஷீட்டிலும் புது டீலர்களின் தொகை முதல் மாதம் சேராமல் இருக்க ஏதாவது காரணம் இருக்கலாம். இருக்க வாய்ப்புக் குறைவு என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் கேள்வியாகவே போங்கள். இது பணிவுக்காகப் போடும் வேஷம் இல்லை, உங்களுக்கு உண்மையிலேயே தெரியாத ஒன்று அதில் இருக்கிறது.

இந்தத் தப்பு எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டு போனால் பேச்சு இன்னும் இலகுவாகும். பட்டியலின் நடுவில் வரிசை செருகினால் பார்முலாவின் எல்லை தானாக நீளும். கடைசி டீலருக்குக் கீழே, மொத்தத்துக்கு மேலே செருகினால் நீளாது. புது டீலரை யாராக இருந்தாலும் கடைசியில்தான் சேர்ப்போம், அதனால் இந்த ஒரு இடத்தில்தான் எல்லோரும் விழுவோம். எக்செல்லில் சில நேரம் அது தானாக நீண்டு கொடுக்கும், அதில் பழகியவர் இங்கேயும் நீளும் என்று நம்பிவிடுவார். கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்று உலகம் அறிந்த இரண்டு பொருளாதார நிபுணர்கள், அரசுக் கடனும் வளர்ச்சியும் பற்றி 2010-இல் எழுதிய கட்டுரையின் எக்செல்லிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். சராசரி 30-ஆம் வரிசையிலிருந்து 49 வரை போக வேண்டியது 44-இல் நின்றுவிட்டது, ஐந்து நாடுகள் விடுபட்டன, எண்ணி ஐந்து, நம் உதாரணத்து டீலர்கள் மாதிரியே. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் அவர்களிடமே அந்த ஷீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார், 2013-இல் வெளியே வந்தது. மற்ற விஷயங்களில் அவர்கள் வாதாடினாலும் இந்த எல்லைத் தப்பை ஒப்புக்கொண்டார்கள். இதை உங்கள் அண்ணனிடம் ஆறுதலாகச் சொல்லிவிடாதீர்கள், கேலி மாதிரி இருக்கும். எக்செல் தெரியாதவர்தான் இப்படிச் செய்வார் என்ற எண்ணம் உங்கள் மனசில் ஓர் ஓரத்தில் இருந்தாலும் அது குரலில் தெரிந்துவிடும், அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போவதற்காகச் சொன்னேன்.

எங்கே சொல்வது? அவர் சீட்டில் போய் நின்று திரையைக் காட்டிப் பேசாதீர்கள், பக்கத்து சீட்டுக்காரருக்கு அதைவிட சுவாரசியமான காட்சி கிடையாது. பதினொரு மணி டீக்கு வெளியே போகும்போது கூடப் போய்ச் சொல்லலாம். அவர் வாட்ஸப்பில் ஒழுங்காகப் பதில் போடுகிறவர் என்றால் தனிச் செய்தி இன்னும் நல்லது என்பது என் அபிப்பிராயம், ஏனென்றால் படித்த அந்த நொடியில் முகம் எப்படி மாறினாலும் பார்க்க எதிரே ஆள் இருக்காது, தானே ஷீட்டைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசலாம். நேரில் சொன்னால்தான் மரியாதை என்று நினைப்பவர்களும் உண்டு, நம் பக்கத்தில் வயசானவர்களில் அப்படி நிறையப் பேர். உங்கள் அண்ணன் எந்த ரகம் என்று எட்டு மாதத்தில் தெரிந்திருக்கும். எழுதினால் நான் இப்படி எழுதுவேன்:

"அண்ணே, பாக்கி ஷீட்ல ஒரு சந்தேகம். கீழ மொத்தம் D41 வரைக்கும்தான் எடுக்குது. 42-லேருந்து 46 வரைக்கும் புதுசா சேர்த்த அஞ்சு டீலர் அதுல வரலை, அது 2,59,300. வேணும்னுதான் விட்டிருக்கீங்களா, இல்ல சேர்க்கணுமாண்ணே? திங்கக்கிழமை மீட்டிங்குக்கு எடுப்பாங்களே, அதான் கேட்டேன்."

அனுப்புவதற்கு முன்னால் மேலே இருக்கும் பெயர் அவர் பெயர்தானா, குரூப் பெயரா என்று ஒரு தடவை பாருங்கள். சிரிக்க வேண்டாம், நான் பார்த்திருக்கிறேன்.

அந்தச் செய்தியில் கட்ட எண் இருக்கிறது, அதனால் அவர் தேட வேண்டியதில்லை. தொகை இருக்கிறது, அதனால் சின்ன விஷயமா பெரிய விஷயமா என்று அவரே எடை போடலாம். எந்த நாளுக்குள் என்பதும் இருக்கிறது. "தப்பு" என்ற சொல் மட்டும் இல்லை, அதை அவரே சொல்லிக்கொள்ளட்டும். இதோடு நிறுத்திவிடுங்கள். "எனக்கு ஷீட்டெல்லாம் அவ்வளவா தெரியாதுண்ணே, நான் சொல்றது தப்பாக்கூட இருக்கலாம்" என்று நீட்டாதீர்கள். தொகையைக் கடைசி ரூபாய் வரை கூட்டிச் சொன்னவர் எனக்கு ஒன்றும் தெரியாது என்றால் யார் நம்புவார்கள். முதல் வரியிலேயே "நீங்க எவ்வளவு அருமையா ஷீட் போடுறீங்க" என்று புகழ்ந்துவிட்டு அடுத்த வரியில் விஷயத்துக்கு வருவதும் அப்படித்தான், எதற்குப் புகழ்கிறான் என்று அவர் பாதியிலேயே கண்டுபிடித்துவிடுவார். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேண்ணே" என்பதையும் எழுதாதீர்கள், அது அவருக்கு மிரட்டல் மாதிரி கேட்கலாம்.

அவர் திருத்தியதும் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள், அங்கே ஒரு ஓட்டை இருக்கிறது. பழைய 18,64,250-ஐ யாராவது ஏற்கெனவே குறித்து வைத்திருக்கலாம், மெயிலில் அனுப்பியிருக்கலாம், மீட்டிங்குக்குப் பிரிண்ட் எடுத்திருக்கலாம். ஆளைப் பற்றித் தனியாகப் பேசலாம், எண் மாறியது எல்லோருக்கும் தெரிந்தாக வேண்டும். அதை அறிவிப்பது அவராக இருக்கட்டும். "குரூப்ல ஒரு வரி போட்டுடுறீங்களாண்ணே, யாராவது பழசை எடுத்து வெச்சிருப்பாங்க" என்று கேட்டால் போதும். அவர் "புதிய 5 டீலர் சேர்த்தாச்சு, மொத்தம் 21,23,550, பழையதை எடுத்தவர்கள் மாற்றிக்கொள்ளவும்" என்று போடுவார். அதைப் படிப்பவர்களுக்கு அவர் தன் ஷீட்டைக் கவனமாகப் பார்த்துக்கொள்கிற ஆளாகத்தான் தெரிவார். கீழே நீங்கள் போய்க் கட்டைவிரல் காட்ட வேண்டாம், உங்கள் பெயர் அங்கே வரவே வேண்டாம்.

அடுத்த மாதம் திரும்ப வராமல் இருக்க, அவரே கேட்டால் மட்டும், மொத்தத்தை மேலே கொண்டுபோகச் சொல்லலாம். F1 போல ஒரு காலிக் கட்டத்தில்:

```
=SUM(D2:D)
```

இது நெடுவரிசையின் அடி வரை போகும், எத்தனை டீலர் சேர்த்தாலும் விடாது. ஆனால் 47-இல் இருக்கும் பழைய மொத்தத்தை அழித்தாக வேண்டும், அழிக்காவிட்டால் அதையும் ஒரு டீலர் மாதிரி சேர்த்துக் கூட்டிப் பாக்கி இரட்டிப்பாகிவிடும். கீழே வேறு குறிப்பு எண்கள் எதுவும் அந்த நெடுவரிசையில் இருக்கக் கூடாது. அவர் கேட்காமல் முதல் நாளே இதைச் சொல்லாதீர்கள், தப்பைக் காட்டியதோடு பாடமும் எடுத்த மாதிரி ஆகும்.

பதில் வரவில்லை என்றால்? இன்றைக்குச் சொல்லிவிட்டு நாளை மதியம் வரை விடுங்கள், அதற்குள் ஷீட்டில் எண் மாறவில்லை என்றால் போன் பண்ணி "அண்ணே, அந்த மெசேஜ் பார்த்தீங்களா" என்று மட்டும் கேளுங்கள். திங்கட்கிழமை காலை வரை மாறாமலே போய், மீட்டிங்கில் அந்த எண்ணையே எம்.டி. படித்துவிட்டால், அங்கே குறுக்கே பாய்ந்து 42-ஆம் வரிசை, 46-ஆம் வரிசை என்று விளக்க வேண்டாம். "சார், புது டீலர்களையும் சேர்த்துப் பார்த்துட்டு இறுதி எண்ணை மத்தியானத்துக்குள்ள கொடுக்கிறோம்" என்று, நான் என்று இல்லாமல் நாங்கள் என்று சொன்னால் தப்பான எண்ணின் மேல் முடிவு எடுப்பது நிற்கும், அண்ணனுக்கும் ஒரு மூச்சு கிடைக்கும். அதற்கும் அவர் கோபப்படலாம், அதற்கு என்னிடம் மருந்தில்லை.

இந்தப் பொறுமையெல்லாம் பாக்கிப் பட்டியல் மாதிரி, நாளைக்கும் திருத்த முடிகிற எண்ணுக்குத்தான். பணம் வெளியே போகப் போகிற ஷீட், சம்பளம், சப்ளையர் பேமென்ட், அல்லது ஜி.எஸ்.டி. 3பி போடுவதற்கு எடுக்கும் எண் என்றால் கணக்கு வேறு. 3பி ஒருமுறை ஃபைல் ஆகிவிட்டால் அதையே திருத்தி மறுபடி போட வழியில்லை, பின்னால் வரும் மாதங்களின் ரிட்டர்னில்தான் சரிக்கட்ட வேண்டும். அங்கே டீ டைம் வரை காத்திருக்காதீர்கள். அவருக்கு உடனே போன், எடுக்கவில்லை என்றால் அந்தப் பேமென்டை அமுக்கப் போகிறவரிடம் நேராகப் போய் "இந்த ஒரு எண்ணைப் பார்க்கும்வரை நிறுத்துங்க" என்று சொல்லுங்கள், யார் போட்டது என்ற பேச்சே எடுக்காமல். அதே மாதிரி, தப்பு ஒவ்வொரு மாதமும் ஒரே ஆளுக்கு லாபமாகவே விழுந்துகொண்டிருந்தால் அது நீங்கள் கேட்ட கேள்வியே இல்லை. அதைத் தனியாகப் போய் அவரிடமே பேசச் சொல்ல மாட்டேன், உங்கள் மேலதிகாரியிடம் போங்கள்.

ஒருவேளை அவர் "தெரிஞ்சுதான் விட்டிருக்கேன் தம்பி" என்று பதில் போட்டால், சரிண்ணே என்று சொல்லிவிட்டு ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள்: மொத்தத்துக்குப் பக்கத்துக் கட்டத்தில் "42–46 சேர்க்கவில்லை" என்று எழுதி வைக்க முடியுமா என்று. இல்லையென்றால் உங்களுக்கு அடுத்து சேரும் பையனும் எட்டாவது மாதம் இதே இடத்தில் வந்து நிற்பான்.